வித்தியாதரிசி நேரத்தோடு வந்திருந்தால்

ஐம்பதுகளில் கல்முனையில் நான் ஆங்கிலம் படிப்பித்தேன். பள்ளிக்கூடத்தைச் சோதிக்கக் காலையில் வருவதாக இருந்த வித்தியாதரிசி, பகல் சாப்பாட்டு நேரம் கடந்துதான் காரில் வந்து இறங்கினார். அவர் வரும்வரை ஒரு பிள்ளையும் சாப்பிடப் போகக் கூடாதென்று தலைமையாசிரியர் சட்டம் போட்டிருந்தார். எனக்குப் பசியை விடக் கோபம்தான் கூட.

வந்தவர், 'இஃப்' வாக்கியங்களின் நான்கு வகையையும் பிள்ளைகள் கரும்பலகையில் எழுதட்டும் என்றார். எப்போதும் நடப்பதற்கு இரண்டு பகுதியிலும் நிகழ்காலம், சரி போட்டார். இரண்டாவது, இனி நடக்கக்கூடியதற்கு: இஃப் பகுதியில் நிகழ்காலம், பலனில் 'வில்', சரி. வெறும் கற்பனைக்கு இறந்தகாலமும் 'வுட்'டும், அதுவும் சரி. நடக்காமல் போனதற்கான நான்காவதை ஒரு மருதமுனைப் பிள்ளை எழுதினாள்: 'இஃப் தி இன்ஸ்பெக்டர் வுட் ஹாவ் கம் ஏர்லி, வி வுட் ஹாவ் ஈட்டன்.' அதாவது, அவர் நேரத்தோடு வந்திருந்தால் நாங்கள் சாப்பிட்டிருப்போம்.

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

வித்தியாதரிசியின் கண்ணில் பட்டதோ இலக்கணப் பிழை மட்டும்தான். "இஃப் பகுதியில வுட் வரப்படாது!" என்று அதை அழித்து, தன் கையாலேயே 'ஹாட் கம்' என்று எழுதினார். போதாததற்கு அந்த வாக்கியத்தை வகுப்பு முழுவதையும் உரக்கச் சொல்ல வைத்தார். பசித்த பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள்.

"இன்னொருக்கா!" என்றார். இன்னும் பலமாகக் கத்தினார்கள்.

"இப்ப சரிதானே?" என்று பெருமையோடு என் பக்கம் திரும்பினார்.

"ஓம் சேர். இப்ப விட்டீங்கண்டா புள்ளைகள் சோறு திம்பாங்க," என்றேன். "இது ரெண்டாம் வகை."