ஒன்பது நாள் தாமதம்

மாரண்டஹள்ளி பகுதியில் கரும்பு போட்ட விவசாயிகள் எல்லோருக்கும் சலாவுதீனைத் தெரியும். சர்க்கரை ஆலையின் பீல்டுமேன் அவர். பன்னிரண்டு வருஷமாகப் பதினோரு கிராமங்களைச் சைக்கிளிலேயே சுற்றிவந்தார். யார் எந்தத் தேதியில் நட்டார்கள், எது வெட்டிய தூரிலிருந்து தழைத்த மறுதாம்பு, எந்த வயல் வெட்டுக்கு வந்துவிட்டது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தமிழ்க்காரர்களிடம் தமிழும் கன்னடக்காரர்களிடம் கன்னடமும் பேசுவார். வீட்டில் பேசும் உருதுவுக்குத்தான் ஆளில்லை. மனைவி அக்தர் பேகம் கல்யாணமான மூன்றாம் வருஷம் ஜுரத்தில் இறந்துபோனாள். குழந்தை இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார்.

1973இல் கரும்பு இன்ஸ்பெக்டர் வேலை ஒன்று காலியானது. ஆலைக்குள்ளேயே ஆள் எடுப்பது என்று முடிவாகி, மூன்று பீல்டுமேன்கள் விண்ணப்பித்தார்கள். சலாவுதீனும் ஒருவர். முப்பத்தெட்டு வயதில் முதல் முறையாகத் தனக்கென்று ஒன்றைக் கேட்டிருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. இன்டர்வியூவுக்கு வெள்ளைச் சட்டை தேய்த்தபோது, சலவைக்காரர் "எதாச்சும் விசேஷமாங்க?" என்று கேட்டதற்கும் சும்மா சிரித்துவைத்தார்.

இன்டர்வியூ முடிந்து நான்காம் நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், கரும்பு மேனேஜர் கிருஷ்ணப்பன் கூப்பிட்டனுப்பினார். சலாவுதீன் உள்ளே போனதும் அவரே எழுந்து கதவைச் சாத்தினார். மேசைக்கு அந்தப் பக்கம் போகாமல், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உக்காருங்க சலாவுதீன். சுத்தி வளைக்காம சொல்லிடறேன். இந்தத் தடவை உங்களுக்கு வரலைங்க. இன்னாசியத் தேர்ந்தெடுத்திருக்கோம். திங்கக்கிழமை போர்டுல பட்டியல் ஒட்டுவாங்க. அதப் பாத்து நீங்க தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன்."

இன்னாசி பாலக்கோடு பகுதி பீல்டுமேன். சலாவுதீனுக்கு ஐந்து வருஷம் ஜூனியர்.

"சரிங்க சார்," என்றார் சலாவுதீன். எழுந்துவிடலாம் என்று தோன்றியது.

கிருஷ்ணப்பன் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினார். பிறகு, "காரணம் சொல்லட்டுங்களா? இன்னிக்கு வேண்டாம்னா நாளைக்கிச் சொல்றேன்," என்றார்.

"இப்பவே சொல்லுங்க சார்."

"வயல் வேலையில உங்களுக்கு மேல இங்க ஆளில்ல. போன சீசன்ல உங்க பகுதியில வெட்டு உத்தரவு ஒண்ணுகூட முன்ன பின்ன மாறல. விவசாயி ஒருத்தரும் உங்க மேல புகாரு குடுத்ததில்ல. கமிட்டியில இதச் சொன்னேன், எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க." மேசையிலிருந்த பைலை எடுத்துப் புரட்டினார். "பெரியண்ணன் வயல்ல செவ்வழுகல் வந்துச்சே, ஞாபகம் இருக்குங்களா?"

எப்படி மறக்கும்? கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, நடுவில் வெள்ளைத் திட்டு, புளித்த வாடை. நோய் கண்ட தூரையெல்லாம் தோண்டிக் கொளுத்தி, அந்த வயல் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகாமல் வரப்பைக் கட்டி, விவசாயி பெரியண்ணனோடு நாலு நாள் மண்ணில் கிடந்தவர் அவர்தான்.

"நீங்க பண்ணுனது அத்தனையும் சரி. ஆனா ஆபீசுக்குத் தெரிஞ்சது ஒம்பது நாள் கழிச்சு. அந்த ஒம்பது நாளுக்குள்ள அதே வயல்ல நல்லா இருந்த பக்கத்துல இருந்து வேற ரெண்டு ஊருக்கு விதைக்கரணை போயிடுச்சு. அந்த ஊருங்க உங்க பகுதி இல்ல, அதனால உங்களுக்குத் தெரிய வழியில்ல. எனக்குத் தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பேன்."

சலாவுதீன் தலை நிமிர்ந்தார். இது அவருக்குப் புதுசு.

"முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேங்க."

"அதான் விஷயம். பீல்டுமேன் தன் வேலைய முடிச்சாப் போதும். இன்ஸ்பெக்டருக்கு அஞ்சு பீல்டுமேனு. ஒருத்தன் பாத்தது மத்தவனுக்கு அன்னிக்கே போயாவணும். புதன்கிழமை மீட்டிங்குல இந்த ரெண்டு வருஷத்துல நீங்க வாயத் தொறந்து நான் பாக்கல. இன்டர்வியூவுலயும் கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொன்னீங்க."

"பேசிப் பழக்கமில்லைங்க சார்."

"தெரியும்." கிருஷ்ணப்பனின் குரல் தணிந்தது. "அடுத்த தடவை உங்களுக்குத்தான்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. அது என் ஒருத்தன் கையில இல்ல. ஆனா ரெண்டு காரியம் பண்ணலாம். வாராவாரம் மீட்டிங்குல உங்க பகுதி நெலவரத்த அஞ்சு நிமிஷம் நீங்களே சொல்லுங்க. நோய், பூச்சி எது கண்ணுல பட்டாலும் அன்னிக்கே இன்னாசிகிட்டச் சொல்லிடுங்க. மூணு மாசம் கழிச்சு நாம மறுபடி உக்காந்து பேசுவோம். உங்களுக்கு எதாச்சும் கேக்கணுங்களா?"

கேட்க நிறைய இருந்தது போலிருந்தது. "இல்லைங்க சார்," என்றுவிட்டு வெளியே வந்தார்.

ஆலை வாசல் டீக்கடையில் நிற்கவில்லை. சைக்கிளை மிதித்து மாரண்டஹள்ளி வந்து, அறையைத் திறந்து, பாயில் உட்கார்ந்தார். பட்டியலில் பெயர் இல்லாததைவிட, அதை யாரிடமும் சொல்ல முடியாததுதான் அன்று அவரை அழுத்தியது. கேட்டதையே யாரிடமும் சொல்லவில்லை. இப்போது போய்க் கிடைக்கவில்லை என்று சொன்னால், எது கிடைக்கவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அடுப்பு பற்ற வைக்காமல் படுத்துக்கொண்டார். இன்னாசி மேல் கோபம் வந்தது, போனது. அந்த ஒன்பது நாள் மட்டும் போகவில்லை. அந்த நாட்களில் ஆலைக்கு இரண்டு தடவை போயிருந்தார். மேனேஜர் அறை வாசல் வழியாகவே நடந்தும் இருந்தார். சொல்லக் கூடாதென்று நினைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்பதே தோன்றவில்லை. எத்தனை வருஷமாக இப்படி இருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தார்.

அடுத்த புதன்கிழமை மீட்டிங்கில் எழுந்து நின்றார். இரண்டு நிமிஷம்கூடப் பேசவில்லை. கிருஷ்ணப்பன் குறித்துக்கொண்டு, "அந்தக் கிணத்து வயல்ல மறுதாம்பு எப்படிங்க?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லும்போது இன்னும் ஒரு நிமிஷம் ஆனது. மூன்று மாதம் கழித்து, சொன்னபடியே அவர் கூப்பிட்டுப் பேசினார்.

மறு வருஷம் ஐப்பசியில், ஒரு வயலில் மூன்றாம் நான்காம் இலை காய்ந்து நிற்பதைப் பார்த்தார் சலாவுதீன். ஒரு கரும்பைப் பிளந்தார். அதே சிவப்பு. விவசாயியிடம், "கரணை எதுவும் யாருக்கும் குடுக்காதீங்க, தண்ணிய நிறுத்துங்க," என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் பாலக்கோட்டுக்குப் போனார். இன்னாசி சாப்பிட உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எழப் போனவரை, மனைவி ரோசம்மாள் தடுத்து, இன்னொரு தட்டையும் வைத்தாள்.

"நீங்களும் சாப்பிட்டுட்டுப் போங்கண்ணா. பத்து நிமிஷத்துல ஒண்ணும் ஆவாது."

எத்தனையோ நாளைக்குப் பிறகு, பக்கத்தில் ஒருவர் சாப்பிட, அவரும் சாப்பிட்டார். எந்தெந்த ஊருக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று சாப்பிட்டுக்கொண்டே இருவரும் பேசி முடித்தார்கள். நோய் இரண்டு வயலோடு நின்றது.

1976இல் காரிமங்கலத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர் தேவைப்பட்டார். சலாவுதீன் விண்ணப்பித்ததை முதலில் இன்னாசியிடம் சொன்னார். வேலை அவருக்கே வந்தது. அதற்குள் கிருஷ்ணப்பன் கர்நாடகத்தில் வேறொரு ஆலைக்குப் போய்விட்டிருந்தார். விலாசம் விசாரித்து ஒரு கார்டு எழுதிப் போட்டார் சலாவுதீன்.

காரிமங்கலத்திலும் ஓர் அறைதான். சந்தை நாளில் மட்டும் தெருவில் சத்தம் இருக்கும். மற்ற நாட்களில் சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்த இடத்திலேயே சொம்பு இருக்கும். அது அவருக்குக் கடைசிவரை பழகவில்லை. மூன்றாம் வாரம் பதில் கார்டு வந்தது. "ரொம்ப சந்தோஷம். உங்க அஞ்சு பீல்டுமேனும் எப்படி? மீட்டிங்குல பேசறாங்களா?" என்று இரண்டே வரி.

நின்றபடியே இரண்டு தடவை படித்தார். படித்துக் காட்ட அங்கே யாரும் இல்லை. உலை கொதித்தது. அரிசியைக் களைந்து போட்டுவிட்டு, பதில் எழுத உட்கார்ந்தார்.