அறுநூறு சொல்லும் இருபது விநாடியும்

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு மண்டிக்காரர்கள் பலர் ஆவுடையம்மாளைப் பார்த்தால் சற்று ஒதுங்கிப் போவார்கள். அடிக்க மாட்டாள், வைய மாட்டாள். ஆனால் தப்பு என்று பட்டதை அந்த இடத்திலேயே, நாலு பேர் கேட்க, அட்சர சுத்தமாகச் சொல்லிவிடுவாள். மூக்குக்கு மேல் கோபம் என்று ஊர் சொன்னது. கோபம் வருகிற மாதிரி நீங்கள் நடந்துகொண்டால் அது என் மூக்கின் குற்றமா என்று அவள் கேட்டாள்.

அம்பாசமுத்திரத்துப் பெண். கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்தவள். புருஷன் ஒரு சுக்குக் கிடங்கில் எடை போடுகிறவர். தமிழ்நாட்டு வியாபாரிகளுக்குக் கடிதம் அடிக்க ஆள் இல்லை என்று ஜூ டவுன் என்ற யூதத் தெருவில் ஒரு மண்டி தவித்தபோது, தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கடிதத்தை அடித்து முடித்ததும் ஒருமுறை உரக்கப் படிப்பாள். வாயில் இடறினால் திரும்ப அடிப்பாள். இந்தப் பழக்கத்தை நஜ்முதீன் பார்த்து வைத்திருந்தான்.

நஜ்முதீன் ராவுத்தர் வீட்டுப் பையன். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். ஒரு பழைய ஏலக்காய்க் கிடங்கின் மாடியில், சுவரெல்லாம் சணல் சாக்கு தொங்கவிட்டு, டேப் ரிக்கார்டர் ஒன்றும் புரொஜெக்டர் ஒன்றும் வைத்துக் கல்யாணத்துக்கும் கட்சிக்கும் ஒலி தந்துகொண்டிருந்தான். 1964-இல் அவனுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஏலூர்ப் பக்கத்து ரசாயன ஆலை ஒன்று, வாயு கசிந்தால் தொழிலாளி என்ன செய்ய வேண்டும் என்று எட்டு நிமிஷப் படம் எடுத்திருந்தது. மலையாள உரை சேர்த்தாயிற்று. மூட்டை தூக்குகிற ஒப்பந்த ஆட்கள் முந்நூறு பேரும் திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். அவர்களுக்குத் தமிழில் வேண்டும்.

“அக்கா, நீங்க எழுதி நீங்களே படிக்கணும், கேட்டோ. படத்தை இனி வெட்ட முடியாது. எட்டு நிமிஷம்னா எட்டு நிமிஷம்” என்றான்.

அவள் உடனே ஒப்புக்கொண்டாள். காரணம் இருந்தது. பள்ளுருத்தியில் அவள் பக்கத்து வீட்டு மாடத்தியின் புருஷன் அந்த ஆலையில் மூட்டை தூக்கியவன். போன வருஷம் அம்மோனியாக் குழாய் கசிந்தபோது அவன் ஓடினான். காற்று வீசிய திசையிலேயே ஓடினான். வாயுவும் கூடவே வந்தது. கண்ணைக் கழுவ வேண்டும் என்றும் அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இப்போது மாடத்தி அவன் கையைப் பிடித்துத்தான் கக்கூஸுக்குக் கூட்டிப்போகிறாள்.

ஆலையின் விளம்பர அதிகாரி ராமபத்ரன் பாலக்காட்டுக்காரர். பம்பாயில் பத்து வருஷம் இருந்தவர். ஆங்கில உரையை அவளிடம் கொடுத்து, “நிமிஷத்துக்கு நூத்தி முப்பது வார்த்தை. எட்டு நிமிஷத்துக்கு ஆயிரத்து நாப்பது. தமிழிலேயும் அதே கணக்கு. ஞாபகம் வச்சுக்கோங்கோ” என்றார்.

அதே கணக்கா? ஆங்கிலத்தில் நாலு சொல்லில் வருவது தமிழில் ஒரே சொல்லாக நீண்டு வரும். ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கும் நேரம் இரண்டு மொழியிலும் ஒன்றாகுமா? ஆவுடையம்மாள் வாதாடவில்லை. அளந்து பார்த்தாள். நஜ்முதீனின் ஸ்டாப்வாட்சை வாங்கி, தான் எழுதிய முதல் பக்கத்தை, மூட்டை தூக்குகிறவனுக்குப் புரிகிற வேகத்தில், வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு விட்டுப் படித்தாள். மூன்று தரம். நிமிஷத்துக்கு எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்றொன்று. தொண்ணூறு என்று வைத்துக்கொண்டாள்.

பிறகு படத்தைப் பேச்சில்லாமல் நாலு தரம் ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். மொத்தம் நானூற்றெண்பது விநாடி. முதலில் இருபதும் கடைசியில் பத்தும் இசைக்குப் போயிற்று. சங்கு ஊதுவது பன்னிரண்டு விநாடி. அதன்மேல் பேசினால் யாருக்கும் கேட்காது. ஒருவன் முகமூடியை எடுத்து, பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுத்து, ஓரத்தை அழுத்திப் பார்க்கிறான்: இருபது விநாடி. இன்னொருவன் குழாயடியில் இமையை விரித்துக் கண்ணைக் கழுவுகிறான்: பதினெட்டு. இந்த இரண்டு இடத்திலும் வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்தாள். கை செய்வதைக் கண் பார்த்துக் கற்கிற நேரம் அது. மிச்சம் நானூறு விநாடி. தொண்ணூறு வீதம் அறுநூறு சொல்.

அவள் எழுதி வைத்திருந்ததோ எழுநூற்று நாற்பது. வெட்ட உட்கார்ந்தாள். படத்தில் தெரிவதை வாயால் சொல்வது முதலில் போயிற்று. “தொழிலாளர்கள் தங்களுடைய முகத்தைப் பாதுகாக்கும் பொருட்டு வழங்கப்பட்டிருக்கும் முகமூடியை உடனடியாக எடுத்து அணிந்துகொள்ள வேண்டும்” என்ற பதினொரு சொல், “முகமூடியை மாட்டு” என்று இரண்டாயிற்று. ஆனால் “காற்றோடு ஓடாதே. குறுக்கே போ” என்பதை இரண்டு முறை வைத்தாள். அதற்கு இடம் வேண்டி வேறு எட்டுச் சொல்லைப் பலி கொடுத்தாள். நாலு நாள் ஆயிற்று. ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டில் நின்றது. படத்தோடு படித்துப் பார்த்தார்கள். கடைசி இசை தொடங்கும்போது அவள் கடைசிச் சொல்லை முடித்திருந்தாள். நஜ்முதீன் கை தட்டினான்.

ராமபத்ரன் வந்து தாளை எண்ணினார். விரலை வைத்து, சொல் சொல்லாக எண்ணினார்.

“என்னம்மா இது! நான் ஆயிரத்து நாப்பது சொன்னேன். நீங்க பாதிக்குக் கொஞ்சம் மேலே எழுதிண்டு வந்திருக்கேள்.”

“தமிழ்ல நிமிஷத்துக்குத் தொண்ணூறு சொல்தான் வரும் சார். நேரம் சரியா இருக்கு. ஓட்டிப் பாருங்க.”

ஓட்டினார்கள். முகமூடி வந்தபோது அவள் நிறுத்தினாள். ராமபத்ரன் நாற்காலியில் நெளிந்தார். கண் கழுவும் இடத்தில் மறுபடி நிறுத்தியபோது எழுந்தேவிட்டார்.

“சும்மா கிடக்கே! ஃபிலிம் ஒவ்வொரு அடிக்கும் கம்பெனி காசு கொடுத்திருக்கு. உங்க கணக்குப்படியே வாங்கோ. தொண்ணூறு வார்த்தைன்னா, இருபது செகண்டுக்கு முப்பது. பதினெட்டுக்கு இருபத்தேழு. அம்பத்தேழு வார்த்தை காலியா இருக்கு. சேர்மன் பேரும் உற்பத்தி விவரமும் அதிலே வந்துடும்.”

அவள் அளந்த கோலை எடுத்தே அவளை அடித்தார். கணக்கு என்னவோ சரிதான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

“அது காலி இல்ல சார். அதுதான் பாடம். அந்த நேரத்துல பேசுனா அவன் கையைப் பார்ப்பானா, நீங்க சொல்றதைக் கேட்பானா?”

“கண்ணும் காதும் வேற வேறேம்மா. ரெண்டும் வேலை செய்யும். உங்களால முடியலேன்னா சொல்லுங்கோ, மெட்ராஸ்லேருந்து ஆள் வரவழைக்கறேன். ரெண்டு மாசம் ஆகும். ஆகட்டுமே.”

ரெண்டு மாசம்! முந்நூறு பேர் அந்தக் குழாய்களுக்கு அடியில் ரெண்டு மாசம் ஒன்றும் தெரியாமல் மூட்டை தூக்க வேண்டும். இவருக்கு அது ஆகட்டும். ஆவுடையம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஐம்பத்தேழு சொல்லையும் சேர்த்துப் படித்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தப்பு என்று தெரிந்ததை அட்சர சுத்தமாகப் படித்தாள். எட்டு நிமிஷம் அச்சாக எட்டு நிமிஷமாகவே வந்தது என்று ராமபத்ரன் மட்டும் மகிழ்ந்து போனார்.

ஒலி சேர்த்த படம் சென்னையிலிருந்து வந்ததும் ஒரு பிற்பகலில் ஆலையின் கேன்டீன் கொட்டகையில் காட்டினார்கள். சன்னல்களில் சாக்கு கட்டி இருட்டாக்கியிருந்தது. நஜ்முதீன் தன் புரொஜெக்டரையும் மைக்கையும் கொண்டுவந்திருந்தான். முன்வரிசையில் நாற்பது பேருக்கு முகமூடி கொடுத்திருந்தார்கள். பார்த்துக்கொண்டே மாட்டிப் பழக வேண்டும் என்று ஏற்பாடு. ஆவுடையம்மாளும் மண்டிக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து ஓரமாக நின்றாள்.

படம் முடிந்தது. சாக்கை விலக்கினார்கள். நாற்பது முகமூடியும் மடியிலேயே இருந்தன.

“எல்லாருக்கும் புரிஞ்சுதோ?” என்றார் ராமபத்ரன். புரிஞ்சுது என்று கொட்டகையே சொன்னது. அதிகாரி கேட்டால் வேறென்ன சொல்வார்கள்?

ஆவுடையம்மாள் முன்னால் வந்தாள். முன்வரிசையில் இருந்த செல்லதுரையைப் பார்த்தாள். மூட்டைக்காரர்களுக்கு அவர் மேஸ்திரி, அவள் ஊர்ப்பக்கத்துக்காரர்.

“அண்ணாச்சி, அந்தப் பட்டையை எங்க இழுத்து மாட்டுனான்?”

செல்லதுரை முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சேர்மன் பேரு நல்லா வெளங்கிச்சு தாயி. பெரிய மனுசன் பேரைச் சொல்லும்போது கையில எதையாச்சும் நோண்டிக்கிட்டு இருந்தா மரியாதையா இருக்காதுல்லா? அதான் சும்மா இருந்துட்டோம்.”

அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. மாடத்தி புருஷனின் கண் இவர்களுக்குப் போதவில்லை. இன்னும் எத்தனை கண் வேண்டுமாம், ஒரு பெயரைச் சொல்லி முடிக்க? கைப்பையிலிருந்து பழைய தாளை எடுத்தாள். ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சொல், ஓரத்தில் பென்சிலால் விநாடிக் குறிப்பு.

“நஜ்முதீன், ரீலைத் திருப்பிச் சுத்து. சத்தத்தை அணைச்சுட்டு மைக்கை இங்க குடு.”

“யாரைக் கேட்டு?” என்றார் ராமபத்ரன்.

“என்னைக் கேட்டுத்தான். மைக்கு என்னோடதாக்கும் சார்” என்று நஜ்முதீன் ரீலைச் சுற்றத் தொடங்கினான்.

சாக்குகள் மறுபடி இறங்கின. ஆவுடையம்மாள் திரையைப் பார்த்தபடி பேசினாள். காகிதம் கையில் இருந்ததே தவிர அதைப் பார்க்கத் தேவைப்படவில்லை. அவசரம் இல்லை, இழுவை இல்லை. சங்கு ஊதவேண்டிய இடத்தில் பன்னிரண்டு விநாடி விட்டாள். திரையில் அந்த மனிதன் பெட்டியைத் திறந்தான்.

“முகமூடியை மாட்டு” என்றாள். நிறுத்தினாள்.

கொட்டகையில் புரொஜெக்டர் ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. மூன்று விநாடி, நாலு விநாடி. முன்வரிசையில் ஒரு பட்டை இழுபட்டது. பிறகு இன்னொன்று. முகமூடி கிடைக்காத பின்வரிசைக்காரர்கள் வெறுங்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தார்கள்.

“ஏம்மா நிறுத்திட்டேள்? பேசுங்கோ!” என்று ராமபத்ரன் இருட்டில் கத்தினார்.

செல்லதுரை முகமூடியைப் பாதி மாட்டிய நிலையில் திரும்பினார்.

“சார், செத்த நேரம் சும்மா இருங்க. மாட்டிக்கிட்டு இருக்கோம்லா.”