பென்சிலில் எழுதின பேரு

எங்க தையல் கம்பெனியில ஷிப்ட் போடுறவ நான். யார் எந்த நேரம், எந்த மேஜைன்னு வாராவாரம் சுவத்துச் சார்ட்டுல பேனாவால எழுதுவேன். எழுதினா எழுதினதுதான். "தலையெழுத்துகூட மாறும், அக்கா எழுத்து மாறாது"ன்னு பொண்ணுங்க கேலி பண்ணுவாங்க. பண்ணட்டும், ஆளாளுக்கு இஷ்டம்னு விட்டா கம்பெனி உருப்படுமா?

ஒருத்தி பேரு மட்டும் பென்சில்ல இருக்கும். துணி வெட்டுற மேஜையில நிக்கறவ. நாங்க அவளைக் கத்திரின்னுதான் கூப்பிடுவோம். அம்பது அடுக்குத் துணியில மின்கத்தியை ஓட்டுவா, கோட்டை விட்டு நூலளவும் நகராது. மூணு வருஷம் முன்னாடி இடது கண்ணு மங்கி ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்தவ, என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னா.

"மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாம்க்கா. நரம்பு மேல இருக்கற உறையை நம்ம உடம்பே அரிச்சிடுதாம். ஒரு நாள் கால் மரத்துப்போகும், ஒரு நாள் எந்திரிக்கவே முடியாத அசதி. சூடு பட்டா அந்தக் கண்ணு மங்கும், குளிர்ந்தா சரியாயிடும். நாளைக்கு எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது. என் பேரை மட்டும் பென்சில்ல எழுதுங்களேன்."

எழுதினேன். வெயில் மாசங்கள்ல காலையில ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் வெட்டுவா. இஸ்திரி பாய்லர் சூடேறுறதுக்குள்ள மேஜையை விட்டுடுவா. ஐஸ் பை வெச்ச ஒரு சட்டை ப்ரிட்ஜுல எப்பவும் தயாரா இருக்கும். பத்துக்கு மேல வெயிலே படாத துணிக் கிடங்குல உக்காந்து, வெட்டறதுக்கான அளவு மாதிரிகளை வரைவா. சாப்பாடும் அங்கதான், தனியா. "மகாராணிக்குத் தலைக்கனம்"னு மத்தவங்க பேசினாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன், பொய் சொல்வானேன்.

மேனேஜர் ஒரு நாள் எல்லார் முன்னாடியும் கேட்டார்: "ஒழுங்கா வர முடியாதவங்களுக்கு மின்கத்தி எதுக்கு?" அவ குனிஞ்சு வெட்டிக்கிட்டே இருந்தா. அந்த மேஜை போச்சுன்னா அவளுக்கு வேற தொழில் தெரியாது.

இந்த வருஷம் வெயில் கொளுத்தற நேரத்துல பெரிய ஆர்டர் வந்துச்சு. இன்னொரு வெட்டுறவர் லீவு. குளிர் மாசமெல்லாம் கத்திரி முழுநாள் வெட்டினவதானே, நல்லாத்தானே இருக்கான்னு பகல் பதினொண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் போட்டேன். அவசரத்துல, கையில இருந்த பேனாவாலயே. அவ சார்ட்டைப் பார்த்துட்டு, சரியா பதினொண்ணுக்கு மேஜையில வந்து நின்னா.

முதல் ரெண்டு நாளும் நடுவுல ஐஸ் சட்டை போட்டுக்கிட்டு அரை மணி உக்காந்துட்டு வந்து வெட்டினா. நாலாம் நாள் மூணு மணி இருக்கும், அடுக்கு மேல குனிஞ்சு நின்னவ என்னைக் கூப்பிட்டா.

"அக்கா, இந்தக் கோடு சிவப்புத்தானே?"

ரத்தச் சிவப்பு. குருடனுக்குக்கூடத் தெரியும்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவளே மின்கத்தி பிளக்கைப் புடுங்கிட்டா.

"சூடா? சட்டையை எடுத்துட்டு வரவா?"

"சூட்டுக்கு மங்கறது இடது கண்ணு. இது வலது. அசைச்சாலே வலிக்குது. நேத்து மத்தியானத்துலேர்ந்து."

புதுசா ஒண்ணு வந்து, குளிர்ந்தும் ஒரு நாளைக்கு மேல நின்னா அது நோய் திரும்புதுன்னு அர்த்தம், உடனே வான்னு டாக்டர் சொன்னதை அவதான் எனக்கு மனப்பாடமா ஒப்பிச்சிருக்கா.

"தெரிஞ்சுமாடி வந்தே? விரல் போயிருந்தா?" கத்திட்டேன்.

"பேனாவால எழுதியிருந்தீங்களேக்கா."

ஆட்டோவுல நானே கூட்டிட்டுப் போனேன். அஞ்சு நாள் ஸ்டீராய்டு ஏத்தினாங்க. பார்க்கப் போனப்ப கட்டில் பக்கம் வேற யாரும் இல்லை. இது வேலையாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது, எப்ப வேணா வரும்னார் டாக்டர். ஆனா அவ மறைச்ச அந்த ஒரு நாள்? அது என் பேனாவோடது.

ஏழு வாரம் கழிச்சு வந்தா. பார்வை பெரும்பாலும் திரும்பிடுச்சு. சிவப்பு மட்டும் வெளுத்துத்தான் தெரியுதாம், இப்ப கறுப்புக் கோடு போட்டுக்கறா. அவ மேஜைக்காக மேனேஜர்கிட்ட நான் மல்லுக்கு நின்னேன். அவ பேரு மறுபடியும் பென்சில்ல, பக்கத்துலயே அவளுக்கு மாத்தா நிக்கற ஆளோட பேரு.

அன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கிட்டு முதல்தடவையா கிடங்குக்குப் போனேன். அவளுக்கு எதிர்ல ஒரு ஸ்டூல் காலியா இருந்துச்சு. துடைச்சு வெச்ச ஸ்டூல்.

"யாருக்குடி இது? யாராவது வர்றாங்களா?"

"இல்லக்கா. வெயிலுக்குப் பயந்துதான் இங்க உக்காந்தேன். யாராச்சும் வருவீங்கன்னு மூணு வருஷமா போட்டு வெச்சிருக்கேன்."

உக்காந்தேன்.