சர்பத்தை நிறுத்திய மாதங்கள்

கண்டியில் கறித்தூள் அரைத்துப் பொதிசெய்யும் சிறு கம்பனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். எங்கள் தூளை ஊர் நம்பியது. அந்தத் துணிச்சலில் அதே பெயரை ஒட்டி இஞ்சிச் சர்பத்தும் போத்தலில் அடைத்தோம். கடுகண்ணாவையில் அது தூசு பிடித்தது. கெலிஓயாவில் சீண்டுவாரில்லை. மலைமேல் ஹேவாஹெட்டையில் மட்டும் குளிருக்குச் சுடுதண்ணீரில் கலந்து குடித்தார்கள். ஒரு மலை குடித்து ஒரு தொழில் ஓடுமா? நிறுத்துவதென்று முடிவாயிற்று.

"சத்தமில்லாம விட்டா கம்பனியே மூடிட்டாங்கன்னு கதை கட்டுவாங்க," என்றார் மனேஜர். "கடை கடையாப் போய்ச் சொல்லுங்க. மிச்சத்த மட்டும் அரை விலைக்கு விட்றாதீங்க. நம்ம பேர் ஒட்டுன போத்தல் மலிஞ்சு கெடந்தா, தூளுக்கும் என்னமோ ஆயிருச்சும்பாங்க."

வேனில் நான் மட்டும். விற்க ஒன்றுமில்லாமல், நிற்கப்போகிறது என்று சொல்வதற்காகவே மலையேறும் பயணம். பனி முன்னே நகர்ந்தது, நான் பின்னே. வானொலியும் பாதி மலையில் கைவிட்டது.

ஹேவாஹெட்டைக் கடைக்கார அக்காவுக்குக் கதை முந்தியே எட்டியிருந்தது. வேறொரு கம்பனியின் தூள் முன்தட்டில் ஏறியிருந்தது. எங்களுடையது சவர்க்காரப் பெட்டிகளுக்குப் பின்னால். இந்தக் கடை போனால் மலையே போகும்.

"மூடப் போறீங்களாமே?"

"சர்பத் மட்டுந்தான்க்கா. தூள் எப்பவும்போல வரும்."

"திகதி முடிஞ்ச போத்தல் எங்க தலையில விழுமே. அரை விலைக்குத் தாங்க, தோட்டத்துச் சம்பளத்தன்னிக்கே தள்ளிர்றேன்."

"அது முடியாதுக்கா. அதே விலைக்கு வித்துப் பாருங்க. திகதிக்கு முன்ன நானே வந்து மிச்சத்த எடுத்துக்கிட்டு, அதே பெறுமதிக்குத் தூள் தாறேன்."

வெற்றிலை வாங்க வந்த பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப சளிக்கு இனி ஒங்க மொளகாத்தூளக் கலக்கிக் குடிக்கவா?"

அக்கா சிரித்துவிட்டாள். சுண்ணக்கட்டி எடுத்துக் கதவுப் பலகையில் எழுதினாள்: 'சர்பத் முடியப்போகுது. தூள் வரும்.'

சொன்னபடி, திகதி முடியுமுன் போனேன். மிஞ்சிய போத்தல்கள் பெட்டியின் அடியைக்கூட மறைக்கவில்லை. ஈடாகத் தூள் கொடுத்தேன். அவளே அதை முன்தட்டில் அடுக்கினாள். மனேஜருக்கு நல்ல சேதி.

"அடுத்த மாசம் எப்ப வாறீங்க?"

போத்தல் உடையுமென்றுதான் கம்பனி தன் வேனையே என்னோடு இந்த மலைக்கு அனுப்பியது; தூளுக்கு அது தேவையில்லை. "தூள் இனி ஏஜன்ட் லொறியில வரும்க்கா."

அவள் கை நின்றது. "சர்பத் வராது, தூள் வரும்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்க. நீங்க வரமாட்டீங்கன்னு சொல்லவே இல்லையே."

முதல்நாளே தெரியும் எனக்கு. சொல்ல வேண்டியவற்றின் பட்டியலில் அதைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். நின்றபடியே குடித்தேன்.