வயிற்றின் நடுவே ஒரு கோடு

ஜிம்முக்கு வரும் பெண்கள் என் அக்காவை ‘இன்னொண்ணு’ என்று கூப்பிடுவார்கள். கால் நடுங்கி, “போதும், விட்டுடு” என்று கெஞ்சுகிறவர்களிடம் அவள் சொல்லும் ஒரே பதில் அது. காலை வகுப்பில் பயிற்சி தருவது அவள்தான். அதைத் தவிர அவளுக்கு வேறு எதன் மீதும் பெரிய ஆசை இருந்ததில்லை.

பிரசவத்துக்கு முன்பே ஜிம் முதலாளி அவளை நிற்க வைத்துப் புகைப்படம் எடுத்தார். வாசல் கண்ணாடியில் ஒட்டிய பெரிய தாளில் ‘முன்’ என்ற எழுத்தின் கீழ், நிறைமாத வயிற்றோடு அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். ‘பின்’ என்ற எழுத்தின் கீழே வெறும் வெள்ளை.

“குழந்தை பொறந்து மூணு மாசத்துல அந்த இடத்தை நிரப்பிடு. காலை வகுப்பு உனக்குத்தான்” என்றார்.

குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகுமுன்பே அக்கா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சியைத் தொடங்கிவிட்டாள். சாப்பாட்டுக்கு, இளைக்க வரும் பெண்களுக்குப் போட்டுத் தரும் அதே கணக்கு: ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி. அம்மா தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன்டி, இது உனக்கா, ஜன்னல்ல வர்ற குருவிக்கா?” என்றாள். அக்கா சிரிக்கவில்லை.

ஒருநாள் என்னை உள்ளே கூப்பிட்டாள். மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்து எழுந்தாள். தொப்புளுக்கு மேலும் கீழும் வயிற்றின் நடுவே நீளமாக ஒரு மேடு எழும்பியது.

“பாத்தியா? வயித்துத் தசை இறுகிக் கோடு வருது!” அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

“வலிக்குதாக்கா?”

“வலிச்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

துள்ளிக் குதிக்கும்போது அவளுக்குச் சிறுநீர் கசிந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொல்லித் துணியை மாற்றிக்கொண்டாள். குழந்தை மார்பில் வாய் வைத்த உடனே திரும்பிக்கொண்டு அழுதது. அதற்கு வெயில்தான் காரணம் என்றாள்.

தடுப்பூசிக்குப் போன இடத்தில் நர்ஸம்மா குழந்தையை எடைபோட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் போட்டார். எடை ஏறியிருக்கவே இல்லை.

“நீ என்னம்மா சாப்பிடுறே?”

அக்கா அந்த ஆயிரத்து இருநூறு கணக்கைச் சொன்னாள்.

“பால் ஊறவே தனியா நானூறு, ஐநூறு கலோரி வேணும். அதைச் சேர்த்தியா?”

ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தவள் பாலை மறந்திருந்தாள்.

சிறுநீர் கசிவதைக் கேட்டதும் அன்றே பிசியோதெரபி அறைக்கும் அனுப்பினார்கள். அங்கிருந்த அம்மாள் அவளைப் படுக்கவைத்து, “தலையை மட்டும் தூக்கு” என்று சொல்லி, மேடு எழுந்த இடத்தில் விரல்களை வைத்தார். விரல்கள் உள்ளே இறங்கின.

“கோடுதானே மேடம்?” என்று அக்கா கேட்டாள். குரலில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருந்தது.

“இல்லம்மா. ரெண்டு பக்கத் தசையும் விலகியிருக்கு. நடுவுல பிதுங்கி நிக்கிறதைத்தான் நீ கோடுன்னு நெனச்சுட்டே.”

அக்கா கூரையைப் பார்த்தபடியே கிடந்தாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

அந்த அம்மாள் அவசரப்படவில்லை. முதலில் மூச்சு: வெளியே விடும்போது சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை மெல்ல மேலே இழுத்து, அடிவயிற்றை உள்ளே கொண்டுபோக வேண்டும். பிறகு படுத்தபடி ஒரு குதிகாலை நகர்த்துவது. கூடவே நடை. வயிறு பிதுங்கினால் அந்தப் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம். கசிவும், அடிவயிறு கீழே இழுப்பதுபோன்ற கனமும் நின்று, பலம் திரும்பிய பிறகுதான் ஓட்டம், குதிப்பு.

“சாப்பாடு?”

“உன் உடம்புக்கு, பாலோட சேர்த்து ஆயிரத்து எண்ணூறுக்குக் கீழ இப்போ போகாதே. பால் சரியாகட்டும், அப்புறம் வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினாலே நெறைய.”

“அப்போ மூணு மாசத்துல...”

“ஒரு வருஷம்னு வெச்சுக்கோ. வயித்துல சுமந்ததே ஒன்பது மாசம் இல்லையா?”

முதலாளியிடம் அக்கா உண்மையைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. “உடம்பப் பாத்துக்கோம்மா” என்றார். அடுத்த வாரம் காலை வகுப்பை வேறொரு பெண் எடுத்தாள்.

பால் முழுதாகத் திரும்பவில்லை. அடிக்கடி மார்பில் போட்டுப் பார்த்தாள், நன்றாகச் சாப்பிட்டாள். பாதிக்குப் பாதி புட்டிப்பால்தான் என்றாகியது. குழந்தை எடை ஏறியது. ஒவ்வொரு முறை புட்டியைக் கழுவும்போதும் அக்கா குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றாள்.

மாலையில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து நாங்கள் நடப்போம். ஒருநாள் ஜிம் வழியாகப் போனோம். வாசல் கண்ணாடியில் அந்தத் தாள் இல்லை. கிழித்த இடத்தில் பசை மட்டும் ஒட்டியிருந்தது. கண்ணாடி வழியே உள்ளே தெரிந்த பெண்கள் துள்ளிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் உதடுகள் அசைந்தன, என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த ‘இன்னொண்ணு’வைச் சொல்லாமலே அவள் வண்டியைத் திருப்பினாள்.

வீட்டுக்கு வந்து பாயை விரித்துப் படுத்தாள். வயிற்றின் மேல் கையை வைத்து மூச்சை மெல்ல விட்டு, குதிகாலை நகர்த்தினாள். வயிறு பிதுங்கவில்லை. மறுபடியும் நகர்த்தினாள். மூன்றாவது தடவை கைக்குக் கீழே மேடு எழுவதுபோல இருந்தது.

“போதும்” என்றாள், யாரிடமோ கெஞ்சுவதுபோல.