எங்கள் இருவருக்கும் பொதுவான மாதம்

எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் மே மாதம்தான். நான் ஈரோட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என் கணவருக்குப் பெட்ஷீட் நெய்யும் விசைத்தறிகள். ஆடி பிறந்தால் தீபாவளி ஆர்டர் ஆரம்பித்துவிடும். ஐப்பசி வரை தறியை விட்டு நகரமாட்டார். எனக்கு ஜூனில் பள்ளி திறந்துவிடும். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது மே மட்டும்.

மணாலியிலிருந்து லே வரை காரில் போகவேண்டும் என்பது என் பல வருட ஆசை. கோவை காந்திபுரத்தில் ஒரு மாடி அறையில் டிராவல்ஸ் நடத்துபவரிடம் போய்க் கேட்டோம்.

“மே கடைசின்னா சொல்ல முடியாதுங்க,” என்றார் அவர். “பனி வெட்டி முடிச்சாத்தான் ரோட்ட விடுவாங்க. சில வருசம் மே மாசத்துலயே தொறந்துருக்காங்க. சில வருசம் ஜூன் ஆயிருங்க.”

“தொறந்துருமுங்க,” என்றார் என் கணவர், தறிக்கு நூல் வந்துவிடும் என்று சொல்வதைப் போல.

நாங்கள் மணாலி சேர்ந்தபோது திறக்கவில்லை. சுரங்கப்பாதை வழியாக மலைக்கு அந்தப் பக்கம் போகலாம், தார்ச்சா சோதனைச் சாவடி வரை போகலாம், அதற்கு மேல் பாரலாச்சா கணவாயில் பனி. நாளைக்கு விடுவார்கள் என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். நான் காலையில் எழுந்ததும், நாங்கள் பேசிவைத்திருந்த கார் டிரைவருக்குப் போன் செய்வேன். என் அரைகுறை இந்திக்கு அவர் பொறுமையாக ஒரே பதிலைச் சொல்வார். பகலெல்லாம் கடைவீதியில் நடந்தேன், எதையும் வாங்கவில்லை. ஓட்டல் ஜன்னலில் நின்று மலையைப் பார்ப்பதும் உட்காருவதும் மறுபடி எழுவதுமாக இருந்தேன்.

“ஏம்மணி, கொஞ்சம் ஒரு எடத்துல உக்காரு,” என்றார் அவர்.

“உங்களுக்கு என்னங்க. நீங்க தூங்கிப் போட்டு எந்திரிக்கறீங்க.”

பள்ளி திறக்கும் நாள் நெருங்கியதால் திரும்பினோம். கோவையில் விமானம் இறங்கிய மறுநாள் டிரைவர் செய்தி அனுப்பினார்: வழி திறந்தாயிற்று, சின்ன வண்டிகளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் அனுப்புகிறார்கள். செய்தியைப் படித்துவிட்டுச் சமையலறையில் வெகுநேரம் சும்மா நின்றேன்.

அந்த வருடம் முழுவதும் மனம் அடங்கவில்லை. விடைத்தாள் திருத்தும்போதுகூட மாதங்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பேன். ஜூலை, ஆகஸ்டில் மணாலிப் பக்கம் மழை, மண்சரிவு. வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடைகள் ரோட்டின் குறுக்கே பாயும். செப்டம்பரில் வானம் தெளியும், குளிரும் ஏறும். அக்டோபரில் எப்போது வேண்டுமானாலும் பனி விழுந்து மூடிவிடலாம். செப்டம்பர் கடைசியில் எங்களுக்குக் காலாண்டு விடுமுறை வருகிறது என்பது ஒருநாள் திடீரென்று உறைத்தது. அதுவரை அதை நான் விடுமுறையாகவே நினைத்ததில்லை. அது அவருடைய தீபாவளி சீசன்.

இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். “செப்டம்பர்ல போலாமுங்க.”

“தறியெல்லாம் ஓடற நேரத்துலயா? எப்படி வாரது?”

“நீங்க வர வேண்டாமுங்க. கணக்கு டீச்சரும் நானும் போய்ட்டு வாரோம்.”

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. கை கழுவி வந்த பிறகுதான், “ஸ்வெட்டர் ரெண்டு எடுத்துக்க,” என்றார்.

லேவுக்கு நேராக விமானத்தில் போய், மூச்சு பழகுவதற்காக இரண்டு நாள் படுத்துக் கிடந்தோம். பிறகு காரில் மணாலியை நோக்கி இறங்கினோம். இருட்டோடு கிளம்ப வேண்டியிருந்தது. நடுவழியில், சர்ச்சுவில் தங்கும் கூடாரங்களைச் சீசன் முடிந்ததென்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் ஒரே நாளில் கணவாயைத் தாண்டிக் கேலாங் ஊருக்குப் போய்ச் சேரவேண்டும். வெயில் இறங்கினால் பாரலாச்சாவில் ரோட்டில் வழியும் தண்ணீர் உறைந்து வழுக்கும் என்று டிரைவர் வண்டியை நிறுத்தவே மறுத்தார். கணவாயின் உச்சியில் மட்டும் ஐந்து நிமிடம் கொடுத்தார்.

இறங்கினேன். மலைகள் பழுப்பாக, வெறுமையாக இருந்தன. ஓரங்களில் மட்டும் முந்தின இரவு விழுந்த பனி. காற்று முகத்தை அறுத்தது, தலை விண்விண்ணென்று தெறித்தது. இத்தனை நாள் நான் பார்க்கத் துடித்துக்கிடந்த இடம். எனக்கோ கீழே போனால் போதும் என்றிருந்தது. கணக்கு டீச்சர் வண்டிக்குள்ளிருந்து கூப்பிடுவதற்கு முன்பே ஏறிவிட்டேன். வளைவு திரும்பியதும், இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாமே என்று தோன்றியது.

கேலாங்கிலிருந்து அவருக்குப் போன் செய்தேன். பின்னால் தறிச் சத்தம்.

“பாத்துட்டியா அம்மணி?”

“பாத்துட்டனுங்க. பனி அவ்வளவா இல்லீங்க.”

“அப்ப பனி எந்த மாசம் இருக்கும்?”

“ஜூன்லீங்க. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் செவுரு மாதிரி நிக்குமாம்.”

“ஜூன்ல எனக்கு வேல கம்மிதான்,” என்றார். “உனக்கு இஸ்கூல் இருக்குமே.”

“நீங்க போய்ட்டு வாங்க.”

போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஜூனில், நூல் வியாபாரி நண்பர் ஒருவரோடு போய்வந்தார். பனிச்சுவருக்கு நடுவே மப்ளர் கட்டிக்கொண்டு நின்று அவர் போனில் அனுப்பிய படத்தை, பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் வழியில் மாடிப்படியில் நின்று பார்த்தேன். நான் போன ரோடு அதுதானா என்றே தெரியவில்லை.