படிக்காமல் வெட்டிய பத்தி

சமையல்காரம்மாவின் கை வெந்ததற்கு நான்தான் காரணம். திண்டிவனம் மாணவர் விடுதிக் காப்பாளர் அனுப்பும் நீண்ட மின்னஞ்சல்களைச் சுருக்கி, விழுப்புரம் அலுவலகத்தில் மேலதிகாரிக்குத் தருவது என் வேலை. அன்று கூரை ஒழுகுவதையும் தண்ணீர்த் தொட்டி உடைந்ததையும் எழுதினேன். கடைசிப் பத்தியை, பிள்ளைகள் திருவக்கரைக்குச் சுற்றுலா போய்வந்த கதை என்று நினைத்துப் படிக்காமல் வெட்டினேன். அதன் நடுவில்தான் சமையலறையில் பழுதான ஒயரை மாற்றச் சொல்லியிருந்தார். அந்த வாரமே சமையல்காரம்மாவுக்கு ஷாக் அடித்துக் கை வெந்தது.

மூன்று வேலைகளையும் மூன்று வரியில் எழுதி, தவறு என்னுடையது என்றும் சேர்த்து மேலதிகாரிக்கு அனுப்பினேன். ஒயரை மாற்றினார்கள். சமையல்காரம்மாவைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன்.

“நான் வளவளன்னு எழுதிக்கினு இருக்கேன்தான். படிச்சிட்டு வெட்டுங்க சார்,” என்றார் அங்கிருந்த காப்பாளர்.

சமையல்காரம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு காப்பாளர் மேலதிகாரிக்கே நேராக எழுதினார்.